ஒரு வரி எதைக் குறிக்கிறது? அரசின் திறந்த தரவுத் தளத்தில் தேடும் முறை

இந்திய அரசின் திறந்த தரவுத் தளமான data.gov.in 2012-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மத்திய அரசு வகுத்த தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுகல் கொள்கைதான் அதற்கு அடிப்படை. தளத்தை நடத்துவது தேசிய தகவலியல் மையம். தரவுகளைத் தருபவை அந்தந்த அமைச்சகங்களும் துறைகளும். மழையளவு, பயிர் விளைச்சல், சந்தை விலை, பள்ளிக் கணக்கு, சாலை விபத்து என்று பலவகை அட்டவணைகள் அங்கே ஒரே தேடல் பெட்டிக்குப் பின்னால் சேர்ந்து கிடக்கின்றன.

எதைத் தேடினாலும் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். அப்படி வந்தது தேடியவரின் கேள்விக்குப் பொருந்துமா என்று முடிவு செய்வதில்தான் சிரமம். கோப்பின் தலைப்பு அது எந்தப் பொருளைப் பற்றியது என்று சொல்லும். அட்டவணையில் உள்ள ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. அந்த வரி ஒரு மாவட்டமா, மாநிலமா, ஒரு நாளா, ஐம்பது ஆண்டுச் சராசரியா என்பதைப் பொறுத்தே கோப்பு பயன்படுமா படாதா என்பது அமையும். இதைப் பதிவிறக்குவதற்கு முன்பே பெருமளவுக்குக் கண்டுகொள்ளலாம். கோப்போடு தரப்படும் விவரக்குறிப்பும் கோப்பின் வடிவமும் அதற்குப் போதிய தடயங்களைத் தருகின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளலாம்: நாகப்பட்டினம் மாவட்டத்தில் 1951 முதல் 2015 வரை ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை எவ்வளவு பெய்தது?

கேள்வியிலிருந்து வரிக்கு

தளத்தைத் திறப்பதற்கு முன், தேவைப்படும் அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது. மேலே உள்ள கேள்விக்கு இடம் மாவட்டம், காலம் ஆண்டு, அளவு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களின் மழை, அலகு மில்லிமீட்டர். ஆகவே ஒரு வரி என்பது ஒரு மாவட்டத்தின் ஓர் ஆண்டு. நாகப்பட்டினத்துக்கு மட்டும் 65 வரிகள் வேண்டும்.

மாத வாரியாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று மாதங்களைக் கூட்டிக்கொள்ளலாம். நாள் வாரியாக இருந்தாலும் கூட்டிவிடலாம். வட்ட வாரியாக இருந்தால் கொஞ்சம் வேலை அதிகம். வட்டங்களின் பரப்பையும் கணக்கில் கொண்டு சராசரி எடுக்க வேண்டும். ஆனால் மாநில அளவில் மட்டும் இருந்தால் அதிலிருந்து மாவட்டத்தைப் பிரித்தெடுக்க வழியே இல்லை. நுணுக்கமான தரவைத் தொகுத்துப் பெரிதாக்கலாம். தொகுத்துவிட்ட தரவை மீண்டும் பிரிக்க முடியாது. ஆகவே தேடும்போது தேவைக்குச் சமமான அல்லது அதைவிட நுணுக்கமான அட்டவணையைத்தான் நாட வேண்டும்.

தேடல் பெட்டியில் என்ன எழுதுவது

இப்படிப்பட்ட தளங்களின் தேடல் பொதுவாகத் தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள் ஆகியவற்றில்தான் சொல்லைத் தேடுகிறது. கோப்புக்குள் இருக்கும் கட்டங்களில் அது நுழைவதில்லை. ஆகவே Nagapattinam என்று தேடினால், அந்த மாவட்டத்தின் மழையளவு ஏதோ ஒரு கோப்பில் ஒரு வரியாக இருந்தாலும் அகப்படாமல் போகலாம். அந்தக் கோப்பின் தலைப்பில் இருக்கும் சொல் District என்பதுதான். இடத்தின் பெயரைக் கொண்டு தேடுவதைவிட, இடத்தின் வகையைக் கொண்டு தேடுவதே பலன் தரும்.

துறைகள் எழுதும் மொழியும் மக்கள் பேசும் மொழியும் வேறு. மழைக்கு rain என்பதைவிட rainfall என்ற சொல்லே அரசு அட்டவணைகளில் வரும். வடகிழக்குப் பருவமழை என்பது சில கோப்புகளில் பருவத்தின் பெயராக இல்லாமல் Oct-Dec என்று மாதங்களின் சுருக்கமாக நிற்கும். ஊர்ப் பெயர்களுக்கு எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்காது. தூத்துக்குடியை Thoothukudi என்றும் Tuticorin என்றும், கன்னியாகுமரியை Kanniyakumari என்றும் Kanyakumari என்றும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தத் தரவை அளந்து பதிவு செய்யும் கடமை எந்தத் துறைக்கு இருக்கிறது என்று யோசித்தால் தேடல் இன்னும் சுருங்கும். மழைக்கு அது இந்திய வானிலை ஆய்வுத் துறை. அது புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. முடிவுகளை அமைச்சகத்தின்படி வடிகட்டினால் வேறு துறைகள் தங்கள் அறிக்கைகளுக்காக எடுத்தாண்ட மழை அட்டவணைகள் விலகி, மூலத் தரவு மேலே வரும். தளத்தின் தேடல் சரிவராதபோது வெளியே உள்ள தேடுபொறியில் இப்படி எழுதலாம்:

```
site:data.gov.in district rainfall monthly
```

அகப்படும் இரண்டு கோப்புகள்

மழையைப் பற்றித் தேடும்போது வானிலை ஆய்வுத் துறையின் இரண்டு வகை அட்டவணைகள் எதிர்ப்படும். ஒன்று, 36 வானிலை உட்பிரிவுகளுக்கு 1901-இலிருந்து ஆண்டுவாரியாக மாத மழையளவைத் தருவது. மற்றொன்று, மாவட்டவாரியான மழை அட்டவணை. அதன் தலைப்பில் District Rainfall Normal என்றும், Data Period 1951-2000 என்றும் சொற்கள் இருக்கும். கேள்வியில் மாவட்டம் இருக்கிறது, 1951 இருக்கிறது; ஆகவே இரண்டாவது கோப்புதான் தேவையானது என்று உடனே தோன்றும். அது தவறு.

அந்தத் தலைப்பில் கவனிக்க வேண்டிய சொல் Normal. வானிலையியலில் அது நீண்ட காலச் சராசரியைக் குறிக்கும் சொல். தமிழ்ச் செய்திகளில் ‘இயல்பான அளவு’ என்று வருவது இதுதான். 1951 முதல் 2000 வரை என்பது அந்த ஐம்பது ஆண்டுகளின் மழையை ஆண்டுவாரியாகக் கொடுப்பதாகப் பொருளில்லை. ஐம்பது ஆண்டுகளையும் ஒரே எண்ணாகச் சுருக்கியிருக்கிறது என்று பொருள். நெடுவரிசைகளின் பெயர்களைப் பார்த்தால் இது உறுதியாகும்: STATE_UT_NAME, DISTRICT, பிறகு JAN முதல் DEC வரை, ANNUAL, கடைசியில் நான்கு பருவங்கள். YEAR என்ற நெடுவரிசையே இல்லை. கோப்பில் மொத்தம் 641 வரிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் இருந்த மாவட்டங்கள் 640. வரிகளின் எண்ணிக்கையும் மாவட்டங்களின் எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கி நிற்பதே, ஒரு மாவட்டத்துக்கு ஒரு வரிதான் என்பதைக் காட்டிவிடுகிறது. ஆண்டுவாரித் தரவாக இருந்திருந்தால் முப்பதாயிரம் வரிகளைத் தாண்டியிருக்கும்.

முதல் கோப்பில் YEAR இருக்கிறது. ஆனால் DISTRICT இல்லை. அதன் இடத்தில் SUBDIVISION இருக்கிறது. வானிலை உட்பிரிவு என்பது மாவட்டமும் அல்ல, மாநிலமும் அல்ல. மழைப்பொழிவைக் கணக்கிட வானிலைத் துறை வகுத்துக்கொண்ட பரப்பு அது. கர்நாடகம் கடலோரம், வட உள்பகுதி, தென் உள்பகுதி என மூன்றாகப் பிரிந்திருக்கும். தெலங்கானா மாநிலம் பிறந்தது 2014-இல். ஆனால் இந்தக் கோப்பில் TELANGANA 1901-இலிருந்தே இருக்கும். இதைக் கண்டு கோப்பில் பிழை என்று நினைக்க வேண்டியதில்லை. இன்றைய உட்பிரிவு எல்லையை வைத்துப் பழைய மழைமானிகளின் அளவுகளைத் தொகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தமிழ்நாடு ஒரே உட்பிரிவாக வருகிறது. கோப்பில் பெயர் TAMIL NADU என்று மட்டும் இருந்தாலும், அந்த உட்பிரிவில் புதுச்சேரியும் காரைக்காலும் அடங்கும்.

இந்தக் கோப்பிலுள்ள எண்கள் பரப்பளவுக்கு ஏற்ப எடைபோட்டுக் கணக்கிட்ட சராசரிகள். தமிழ்நாடு முழுமைக்கும் வடகிழக்குப் பருவத்தின் இயல்பான அளவு சுமார் 44 சென்டிமீட்டர். நாகப்பட்டினத்தில் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பெய்யும். தருமபுரியையும் நீலகிரியையும் நாகையையும் சேர்த்துச் சராசரியாக்கிய எண்ணிலிருந்து நாகையின் வறண்ட ஆண்டு எது, வெள்ள ஆண்டு எது என்று சொல்ல முடியாது.

ஆக, ஒரு கோப்பில் ஆண்டு இருக்கிறது, மாவட்டம் இல்லை; மற்றதில் மாவட்டம் இருக்கிறது, ஆண்டு இல்லை. இரண்டையும் இணைத்தாலும் கேள்விக்கு விடை வராது. முதல் கோப்பு தமிழ்நாடு முழுவதற்குமான நூற்றாண்டுப் போக்கைப் பார்க்க உதவும். இரண்டாவது, வேறெங்கிருந்தாவது ஆண்டுவாரி அளவு கிடைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக உதவும்.

விவரக்குறிப்பில் படிக்க வேண்டியவை

ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் தலைப்பு, விளக்கம், வழங்கிய துறை, குறிச்சொற்கள், வெளியிட்ட நாள், புதுப்பித்த நாள் முதலியவை தரப்பட்டிருக்கும். இவற்றில் அதிகம் ஏமாற்றுவது நாள்தான். வெளியிட்ட நாள் என்பது கோப்பு தளத்தில் ஏறிய நாள். தரவு எந்தக் காலத்துக்கு உரியது என்பதை அது காட்டாது. 2000-ஆம் ஆண்டோடு முடிந்துபோகும் சராசரியும் அண்மைத் தேதியோடு பட்டியலின் மேலே வந்து நிற்கலாம். புதுப்பித்த நாளும் அப்படித்தான். விளக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அந்தத் தேதி மாறலாம். தரவின் காலத்தைத் தலைப்பிலோ விளக்கத்திலோ தேட வேண்டும். அங்கும் இல்லையென்றால் கோப்பைத் திறந்து கடைசி ஆண்டைப் பார்ப்பதே வழி.

சராசரியின் காலம் வெறும் சம்பிரதாயத் தகவல் அல்ல. வானிலைத் துறை இயல்பான அளவைக் கணக்கிடும் காலத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்கிறது. நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழையின் இயல்பான அளவு, 1951–2000 கணக்கின்படி 89 சென்டிமீட்டராக இருந்தது. 1961–2010 கணக்கில் 88 ஆனது. 2022-இல் நடைமுறைக்கு வந்த 1971–2020 கணக்கில் 87 ஆகிவிட்டது. ஒரு கோப்பில் உள்ள மழையளவை வேறொரு காலத்தின் இயல்போடு ஒப்பிட்டால், இயல்பான ஆண்டுகூடக் குறைவான ஆண்டாகத் தெரியக்கூடும்.

மாவட்டம் என்ற சொல்லுக்கும் தேதி உண்டு. நாகப்பட்டினம் 1991-இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது. 2020-இல் அதிலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள், இன்று 38. ஆகவே 2011-ஐ ஒட்டிய மாவட்டப் பட்டியலை வைத்துத் தயாரித்த கோப்பில் நாகப்பட்டினம் என்றால் இன்றைய மயிலாடுதுறையும் சேர்ந்தது. 2021-ஆம் ஆண்டுக் கோப்பில் அதே பெயர் அதைவிடச் சிறிய பரப்பைக் குறிக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தால், எல்லை மாறியதால் வந்த வேறுபாடு மழை மாறியதாகத் தோன்றும். விவரக்குறிப்பில் எல்லைகள் எந்த ஆண்டுக்கு உரியவை என்று சொல்லியிருப்பது அரிது. மாவட்டங்களின் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தால் ஊகித்துவிடலாம்: தமிழ்நாட்டுக்கு 32 பெயர்கள் இருந்தால் 2019-க்கு முந்தைய எல்லை, 37 என்றால் 2019-க்குப் பிந்தையது, 38 என்றால் 2020-க்குப் பிந்தையது.

அலகும் விளக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. மழைக்குப் பெரும்பாலும் மில்லிமீட்டர். நாளிதழ்கள் சென்டிமீட்டரில் எழுதுவதால் இரண்டையும் கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. அலகு எங்குமே குறிப்பிடப்படவில்லையென்றால் தெரிந்த ஓர் இடத்தின் எண்ணைக் கொண்டு சரிபார்க்கலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழை ஆயிரத்தை ஒட்டி இருந்தால் அது மில்லிமீட்டர். நூறை ஒட்டி இருந்தால் சென்டிமீட்டர்.

கோப்பின் வடிவம் சொல்லும் செய்தி

ஒரே அட்டவணை சிஎஸ்வி, எக்ஸெல், ஜேசன், எக்ஸ்எம்எல் என்று பல வடிவங்களில் தரப்படலாம். சில அறிக்கைகள் பிடிஎஃப் வடிவில் மட்டுமே கிடைக்கும். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010-இல் திறந்த தரவுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு ஒன்றை முன்வைத்தார். அதில் பிடிஎஃப் அட்டவணைக்கு ஒரு நட்சத்திரம், எக்ஸெல்லுக்கு இரண்டு, சிஎஸ்விக்கு மூன்று. எண்களைக் கணினி எவ்வளவு எளிதாக எடுத்துக் கணக்குப் போட முடியும் என்பதே அங்கு அளவுகோல்.

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. நிறமோ, இணைத்த கட்டங்களோ, பல தாள்களோ அதில் இருக்க முடியாது. அந்த வறுமையே அதன் பலம்: முதல் வரி நெடுவரிசைப் பெயர்கள், அடுத்து தரவு என்று எந்த நிரலும் படித்துக்கொள்ளும். எக்ஸெல் கோப்பில் மேலே இரண்டு மூன்று வரி தலைப்பு, மாநிலத்தின் பெயர் முதல் வரியில் மட்டும், நடுநடுவே கூட்டுத்தொகை என்று அச்சிடுவதற்கேற்ற அமைப்பு இருக்கக்கூடும். அதைத் தரவாக மாற்ற முதலில் களை எடுக்க வேண்டும். எக்ஸெல் என்ற பெயரில் இறங்கும் சில கோப்புகள் உண்மையில் இணையப் பக்கத்தின் அட்டவணைகள். திறக்கும்போது கோப்பின் வடிவமும் பெயரின் பின்னொட்டும் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

பழைய எக்ஸெல் வடிவமான xls ஒரு தாளில் 65,536 வரிகளை மட்டுமே ஏற்கும். இந்த வரம்பை மறந்ததால் 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் விடுபட்டுப்போனது. ஆகவே ஒரு பெரிய கோப்பு சரியாக 65,536-ஆவது வரியில் முடிந்தால், அதற்கு மேலும் தரவு இருந்து வெட்டுப்பட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். புதிய xlsx வடிவத்துக்கு வரம்பு 10,48,576 வரிகள்.

data.gov.in தளத்தில் பல கோப்புகளை நிரல்வழியாகக் கேட்டுப் பெறும் ஏபிஐ வசதியும் உண்டு. முகவரி இப்படி இருக்கும்:

```
https://api.data.gov.in/resource/<resource-id>?api-key=<key>&format=json&limit=10
```

இதில் limit எத்தனை வரி வேண்டும் என்பதைச் சொல்கிறது. மாதிரிக்காகத் தரப்படும் சாவியைக் கொண்டு கேட்டால் பத்து வரிகளே வரும். அதைக் கண்டு கோப்பே அவ்வளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. விடையோடு வரும் total என்ற எண்தான் மொத்த வரிகளைக் காட்டும். பதிவிறக்காமலேயே கோப்பின் அளவையும் நெடுவரிசைகளையும் தெரிந்துகொள்ள இதுவே சுருக்கமான வழி.

பிடிஎஃப் கோப்பைப் பொறுத்தவரை முதலில் அதிலுள்ள ஓர் எண்ணைச் சுட்டியால் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்து தேர்வாகாமல் பக்கம் முழுவதும் படமாக இருந்தால் அது வருடி எடுத்த நகல். எண்களைக் கையால்தான் தட்டச்ச வேண்டும், அல்லது எழுத்துணரியை நம்பி ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். தமிழ்க் கோப்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டதை நகலெடுத்து ஒட்டினால் தமிழ்நாடு என்பது `jkpo;ehL` என்று வந்து நிற்கும். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஆவணங்களில் இது சகஜம். எழுத்துரு மாற்றும் கருவி இதைச் சரிசெய்துவிடும். ஆனால் தேடல் பெட்டியில் தமிழில் தேடினால் அத்தகைய ஆவணம் அகப்படாது.

திறந்து சரிபார்த்தல்

விவரக்குறிப்பு ஒரு வாக்குறுதி மட்டுமே. கோப்பு அதைக் காப்பாற்றுகிறதா என்பதை முதல் சில வரிகளும் வரிகளின் எண்ணிக்கையும் காட்டிவிடும். உட்பிரிவு மழைக் கோப்பின் 1901–2015 பதிப்பில் முதல் தரவு வரி இது:

```
ANDAMAN & NICOBAR ISLANDS,1901,49.2,87.1,29.2,2.3,528.8,517.5,365.1,481.1,332.6,388.5,558.2,33.6,3373.2,136.3,560.3,1696.3,980.3
```

உட்பிரிவு, ஆண்டு, பன்னிரண்டு மாதங்கள், ஆண்டு மொத்தம், நான்கு பருவங்கள் என்று 19 நெடுவரிசைகள். கடைசி மூன்று மாதங்களான 388.5, 558.2, 33.6 ஆகியவற்றைக் கூட்டினால் 980.3 வருகிறது, கடைசி நெடுவரிசையில் இருப்பதும் அதுவே. நான்கு பருவங்களையும் கூட்டினால் 3373.2, அது ANNUAL நெடுவரிசையோடு ஒத்துப்போகிறது. இதிலிருந்து இரண்டு செய்திகள் உறுதியாகின்றன. வடகிழக்குப் பருவம் என்பது இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழு மூன்று மாதங்கள். பருவக்காற்று தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டது அல்ல. ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவது. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டோ ஜூலையில் தொடங்கும் வேளாண் ஆண்டோ அல்ல.

அடுத்தது வரிகளின் எண்ணிக்கை. 36 உட்பிரிவுகள், 115 ஆண்டுகள். பெருக்கினால் 4,140 வரிகள் இருக்க வேண்டும். கோப்பில் இருப்பவை 4,116. குறையும் 24 வரிகள் எங்கே என்று பார்த்தால் அவை மூன்று உட்பிரிவுகளுக்கு உரியவை என்பது தெரியும்: அருணாசலப் பிரதேசத்துக்கு 97 வரிகள், அந்தமான் நிக்கோபாருக்கு 110, இலட்சத்தீவுக்கு 114. மற்ற 33 உட்பிரிவுகளுக்கும் 115 வரிகள் முழுமையாக இருக்கின்றன. தமிழ்நாட்டைப் பற்றிய கேள்விக்கு இந்தக் குறை ஒரு தடையும் இல்லை. நாடு முழுவதற்குமான சராசரி எடுக்க நினைப்பவருக்கு இது முக்கியமான குறை. தொடக்க ஆண்டுகளின் சராசரியும் பிந்தைய ஆண்டுகளின் சராசரியும் ஒரே பரப்பைக் குறிக்காது. ஒரே கோப்பு ஒரு கேள்விக்குப் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

விடுபட்ட அளவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். NA என்றோ, வெற்றிடமாகவோ, -999 என்றோ இருக்கலாம். மழையில் சுழியம் என்பது உண்மையான அளவு. பிப்ரவரியில் ஒரு துளியும் பெய்யாத இடங்கள் உண்டு. வெற்றிடத்தைச் சுழியமாக மாற்றிவிட்டால், அளக்காத மாதம் வறண்ட மாதமாகிவிடும். பெயர்களின் எழுத்துக்கூட்டலும் இந்த நேரத்தில்தான் கண்ணில் படும். இதே கோப்பில் மராத்வாடா உட்பிரிவு MATATHWADA என்று பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. சரியான பெயரைக் கொண்டு வடிகட்டுபவருக்கு அந்தப் பகுதி முழுவதும் இல்லாததுபோல் தோன்றும். ஆகவே வடிகட்டுவதற்கு முன், அந்த நெடுவரிசையில் இருக்கும் வெவ்வேறு பெயர்களை ஒருமுறை பட்டியலிட்டுப் படித்துவிடுவது பாதுகாப்பு.

பொருந்தும் தரவு வேறிடத்தில் இருந்தால்

நாகப்பட்டினக் கேள்விக்கு இனி எங்கே போவது? புனேயில் உள்ள வானிலைத் துறை அலுவலகம் நாடு முழுவதையும் கால் பாகை அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து, 1901-இலிருந்து ஒவ்வொரு நாளின் மழையளவையும் தன் தளத்தில் தருகிறது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். இங்கே ஒரு வரி என்பது ஒரு கட்டத்தின் ஒரு நாள், தேவைக்கும் நுணுக்கமானது. நாகை மாவட்டத்துக்குள் வரும் கட்டங்களைத் தேர்ந்து, அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டினால் 65 ஆண்டுகளுக்கும் எண்கள் கிடைக்கும். எல்லையைத் தேடுபவரே வரையறுப்பதால் மயிலாடுதுறையைச் சேர்ப்பதா விடுவதா என்பதும் அவர் கையில் இருக்கிறது.

விலை கொடுக்க வேண்டியது வடிவத்தில். இந்தக் கோப்புகள் நெட்சிடிஎஃப் வடிவிலும், தலைப்பு வரியே இல்லாத grd என்னும் இருமக் கோப்பாகவும் வருகின்றன. எக்ஸெல்லில் இவை திறக்காது. பைத்தான் போன்ற நிரல்மொழியோ புவியியல் தகவல் மென்பொருளோ வேண்டும். இருமக் கோப்பில் நெடுவரிசைப் பெயர் எதுவும் இல்லாததால் விவரக்குறிப்பு இல்லாமல் அதில் ஓர் எண்ணைக்கூடப் படிக்க முடியாது. கிழக்கு மேற்காக 135 கட்டங்கள், தெற்கு வடக்காக 129, ஓர் எண்ணுக்கு 4 பைட் என்று விவரக்குறிப்பு சொல்கிறது. 365 நாட்களுக்குப் பெருக்கினால் 2,54,25,900 பைட். சாதாரண ஆண்டுக் கோப்பின் அளவு இதற்குக் குறைவாக இருந்தால் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது என்று அறியலாம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்டத்தின் எண் நேரடியாக அளந்தது அல்ல. சுற்றியுள்ள மழைமானிகளிலிருந்து கணித்தது. மழைமானிகள் குறைவாக இருந்த ஆண்டுகளில் தொலைவிலுள்ள மானியின் அளவே அந்தக் கட்டத்தின் எண்ணைத் தீர்மானித்திருக்கும். நாகை போன்ற கடலோரத்தில் சில கட்டங்கள் பாதி நிலமும் பாதி கடலுமாக இருக்கும். ஆகவே கிடைத்த 65 எண்களின் சராசரியை, ஏற்கெனவே ஒதுக்கிவைத்த மாவட்ட இயல்பளவுக் கோப்பின் Oct-Dec எண்ணோடு ஒப்பிட வேண்டும். அதற்கு 1951 முதல் 2000 வரையிலான ஐம்பது ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வதே முறை. இரண்டும் நெருங்கி வந்தால் கட்டங்களின் தேர்வு சரி. பெரிய இடைவெளி இருந்தால் எல்லையிலோ அலகிலோ விடுபட்ட எண்களைக் கையாண்டதிலோ தவறு இருக்கிறது.

கடைசியாக உரிமம். 2017-இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசின் திறந்த தரவு உரிமம், தரவைப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் வெளியிடவும் அனுமதிக்கிறது. மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. துறைகளின் சொந்தத் தளங்களில் கிடைக்கும் கோப்புகளுக்கு இதே உரிமம் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. அந்தந்தத் தளத்தின் விதியைப் படிக்க வேண்டும். கோப்பின் தலைப்பு, வழங்கிய துறை, பதிவிறக்கிய நாள், தரவின் காலம் ஆகிய நான்கையும் எண்களோடு எழுதிவைத்தால் உரிமத்தின் நிபந்தனையும் நிறைவேறும். பின்னால் அதே எண்ணைச் சரிபார்க்க வருபவரும் அதே கோப்பை வந்தடைவார்.